கேஸ் அடுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு
(அலவத்துகொட பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கூட்டத்தில் அடுப்புத் திருத்துநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கொழுந்து நிறுத்துக் களைத்துப் போய் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேரே விசயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஓர் அக்கா ஓர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீட்டுக் காசில் வாங்கியது. மேலே கறுப்புக் கண்ணாடி, இரண்டு பர்னர், தீப்பெட்டி தேவையில்லாமல் திருகினாலே பற்றும். வாங்கி எட்டு மாதம்தான். கண்ணாடி பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது. "தம்பி, சோத்துப் பானைய வச்சிட்டுத் திரும்பினேன், பட்டாசு மாதிரி வெடிச்சிருச்சு" என்றார். நல்ல வேளை, பிள்ளைகள் இஸ்தோப்பில் இருந்தார்களாம்.

நான் முதலில் பார்த்தது கண்ணாடியை இல்லை, பர்னரை. மஞ்சளாகப் பித்தளை போலத்தான் இருந்தது. திருப்பி அடிப்பக்கத்தை ஆணியால் கீறினேன். வெள்ளையாகத் தெரிந்தது. அது அலுமினியம், மேலே மஞ்சள் பூச்சு. சூட்டில் மெல்ல வளைந்து, மூடி தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கு வழியாக நெருப்பு பக்கவாட்டில் கீழே இறங்கிக் கண்ணாடியைச் சுட்டிருக்கிறது. அதோடு ஏழு பேருக்குச் சோறு வடிக்கிற அகலப் பானை. பானை அடி பர்னரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சூடு மேலே போக வழியில்லாமல் திரும்பிக் கண்ணாடி மேல்தான் அடிக்கும். அந்த நேரம் கஞ்சித் தண்ணி ஒரு சொட்டுக் குளிர்ச்சியாய் விழுந்தால் போதும். இந்தக் கண்ணாடி விரிசல் விட்டு எச்சரிக்கை தராது. ஒரே அடியாக முழுவதும் நொறுங்கும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க கேஸ் வெடிப்பு என்று பெரிய பயம். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலக்கும் அளவு மாறியதுதான் காரணம் என்று பேச்சு. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அமுக்கமும் கூடும். பழைய ரெகுலேட்டர், தளர்ந்த குழாய் என்று எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே கசியும். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்து விசாரித்தார். அந்த நாட்களில் வந்த முறைப்பாடுகளில் கண்ணாடி அடுப்பு நொறுங்கியவையும் நிறைய இருந்தன. ஆகவே, நம் பானைக்கும் ரொட்டிக் கல்லுக்கும் எவர்சில்வர் தட்டு வைத்த அடுப்புதான் ஏற்றது என்பது என் அபிப்பிராயம். பார்க்க அழகில்லைதான். ஆனால் சாம்பல் போட்டும் தேய்க்கலாம்.

இனி பர்னர். மூன்று வகை உண்டு. பித்தளை, வார்ப்பிரும்பு, அலுமினியம். பித்தளைதான் நல்லது. துருப்பிடிக்காது, துளைகள் வடிவம் மாறாது, வருடக்கணக்கில் ஒரே மாதிரி எரியும். வார்ப்பிரும்பும் சூட்டைத் தாங்கும். ஆனால் உப்புத் தண்ணி பொங்கி விழுந்து, துடைக்காமல் விட்டால் துரு ஏறித் துளை அடைபடும். அலுமினியம் விலை குறைவு. தேத்தண்ணி மட்டும் வைக்கிற வீட்டுக்குப் போதும். காலையில் ரொட்டி, பிறகு சோறு, கறி என்று மணிக்கணக்கில் எரிக்கிற வீட்டுக்கு ஆகாது.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியைக் கையில் எடுங்கள். பித்தளை அதே அளவு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு பாரம். கையே சொல்லும். ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை அல்லது அலுமினியம், அதைப் பாரம் பிரித்துக் காட்டும். பிறகு மூடியை வைத்து விரலால் ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் வேண்டாம். இன்னொன்று, வெட்கப்படாமல் உங்கள் சோத்துப் பானையையும் கொண்டுபோங்கள். அக்குறணையிலோ மாத்தளையிலோ கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டு பர்னரிலும் ஒரே நேரம் சட்டி பானை உட்காருமா என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போ இந்தத் தானாகப் பற்றுகிற விசயம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில் பார்ப்பது இதைத்தான். குமிழைத் திருகும்போது உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் ஒரு படிகத்தை அடிக்கும். அதில் பிறக்கும் மின்பொறி, வெள்ளைப் பீங்கான் சுற்றிய ஓர் ஊசியிலிருந்து பர்னருக்குத் தாவும். கஞ்சித் தண்ணி அந்த ஊசியில் காய்ந்து படிந்தால், அல்லது மழைக்காலத்தில் ஈரம் பிடித்தால் பொறி வராது. காய்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். பீங்கான் வெடித்திருந்தால் ஊசியை மாற்றத்தான் வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், பற்றவில்லையே என்று டக், டக் என்று பத்துத் தரம் திருகுவதில். ஒவ்வொரு தரமும் கேஸ் வந்துகொண்டேயிருக்கிறது. இந்த கேஸ் காற்றை விடப் பாரம். புகை மாதிரிக் கூரைக்குப் போகாது, தண்ணி மாதிரித் தரையில் பரவும். நம்ம லயக் காம்பராவில் தரையில் என்ன இருக்கிறது? விறகடுப்பு. அதில் அணையாத தணல். விளங்குகிறதுதானே? ஆகவே இரண்டு தரம் திருகியும் பற்றாவிட்டால் குமிழை மூடுங்கள். கதவு, யன்னலைத் திறந்து சில நிமிடம் விடுங்கள். பிறகு தீக்குச்சியை முதலில் கொளுத்திப் பர்னருக்குப் பக்கத்தில் பிடித்து, அதன் பிறகு குமிழைத் திறக்க வேண்டும். முதலில் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடக் கூடாது.

காசு கொஞ்சம் கூட இருந்தால், பொறிக்குக் கொடுக்காமல் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வுக்குக் கொடுங்கள். பர்னர் ஓரத்தில் இரண்டாவதாக ஒரு சின்னக் கம்பி நிற்கும். தீயில் அது சூடாயிருக்கும் வரைதான் வால்வு திறந்திருக்கும். பால் பொங்கி அணைந்தாலும் காற்றில் அணைந்தாலும் கம்பி ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். கடைக்காரரிடம் பற்றவைத்து அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள், சற்றுக் கூடினாலும், 'டிக்' என்ற சத்தத்தோடு மூட வேண்டும். இந்த அடுப்பில் பற்றவைத்த பிறகும் குமிழைச் சில விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். அது பழுது இல்லை.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது பலர் அடுப்பை மூட்டை கட்டிவிட்டு விறகுக்குத் திரும்பினோம். அப்படி மாதக்கணக்கில் சும்மா கிடந்த அடுப்பை எடுத்தால், பர்னருக்குக் கீழே உள்ள குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். தீ மஞ்சளாக எரியும், சட்டி கரி பிடிக்கும். சில நேரம் தீ தட்டுக்குக் கீழேயே பற்றும். மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் குழாயைத் துடைத்துவிட்டுப் பற்றவையுங்கள். தீ நீலமாக, துளையோடு ஒட்டி நிற்க வேண்டும்.

ரப்பர் குழாயை நான் இரண்டு வருடத்துக்கொரு தரம் மாற்றச் சொல்வேன். எலி கடித்திருந்தால் அன்றைக்கே. இரண்டு நுனியிலும் கிளிப் இறுக்கி, சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கே கசிகிறது. நெருப்புக்குச்சி காட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

முடிக்கும்போது ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு குசினி. விறகடுப்பும் அதிலதான். சிலிண்டர எங்க வைக்கிறது?"

விறகடுப்புக்கு எதிர்ச் சுவர் ஓரமாக, கதவுப் பக்கம், நிமிர்த்தி வையுங்கள். பள்ளத்திலோ பெட்டிக்குள்ளோ வேண்டாம். கேஸ் அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில், பலகையிலோ சீமெந்துத் திட்டிலோ இருக்கட்டும். குழாய் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் போகக் கூடாது. விறகு எரிகிற நேரம் சிலிண்டர் மாற்றவே வேண்டாம். தணலை அணைத்து, கதவைத் திறந்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். கதவுப் பக்கமும் இடம் இல்லையென்றால் சொல்லுங்கக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.