மூன்று மணித்தியாலம் வேண்டாம், இருபத்தைந்து நிமிடம் போதும்
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு விசயத்தை மட்டும் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மீட்டல் கையேடு என்று ஒரு கட்டுத் தாள் கொடுக்கிறோம். போட்டோ கொப்பிக் காசு உங்கள் சம்பளத்தில் இருந்துதான் வருகிறது. அந்தக் கட்டை பிள்ளை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

போன வருடம் ஒரு அம்மா என்னிடம் வந்து, "சேர், பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மூணு மணித்தியாலம் அந்தத் தாளோடதான் இருந்துச்சு. திங்கக்கிழமை கேட்டா ஒண்ணும் வரல. மண்டையில ஏறல போல" என்றார். பிள்ளையின் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். விஞ்ஞான பாடம், ஓட்ட மின்னியல், பதினான்கு பக்கம். எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் கோடு. பிள்ளை சோம்பேறி இல்லை. பதினான்கு பக்கத்தையும் மூன்று தடவை வாசித்திருக்கிறது, ஆனால் ஒரு தடவைகூடத் தாளை மூடிவிட்டுத் தன்னைத் தானே கேட்டுப் பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் பழகிப்போகும். பழகியதைத் தெரிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பரீட்சையில் கையேடு பக்கத்தில் இருக்காது.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பவும் வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவிட்டு எழுதியவர்களுக்கே கூடுதலாக ஞாபகம் இருந்தது. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து கட்டைப் பிரித்தோம். பக்கக் கணக்கில் பிரிக்கவில்லை, "நான் என்ன செய்வேன்" என்ற கணக்கில் பிரித்தோம். மலையில் நீங்கள் முழு மலையையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, உங்கள் நிரையைப் பிடிக்கிறீர்கள். அதைப்போல எட்டு நிரை வந்தது. முதலாவது, மின்னோட்டம், அழுத்த வித்தியாசம், தடை ஆகியவற்றின் குறியீடும் அலகும். இரண்டாவது, அம்பியர்மானியையும் வோல்ற்றுமானியையும் சரியான இடத்தில் வைத்துச் சுற்று வரைதல். மூன்றாவது, ஓமின் விதியை நிபந்தனையோடு சொல்லுதல். நான்காவது, V = IR வைத்துக் கணக்கிடுதல். ஐந்தாவது, கம்பியின் தடை எவற்றில் தங்கியிருக்கிறது என்பது. ஆறாவது தொடர் இணைப்பு, ஏழாவது சமாந்தர இணைப்பு. எட்டாவது, இரண்டும் கலந்த சுற்று.

"மின்னியல் படிப்பேன்" என்பது இலக்கு இல்லை. அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "சமாந்தரமாக உள்ள இரண்டு தடைகளின் சமவலுத் தடையைத் தாளைப் பார்க்காமல் கணிப்பேன்" என்பதுதான் இலக்கு.

ஒரு தடவை உட்கார்ந்தால் இருபத்தைந்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் நேற்றைய கேள்விகளைப் பார்க்காமல் எழுத வேண்டும். அடுத்த பதினைந்து நிமிடம் இன்றைய ஒரு இலக்கு மட்டும். பிறகு கையேட்டை மூடி, ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்வி. கடைசி இரண்டு நிமிடம் திருத்திப் புள்ளியைக் குறிப்பது. ஒரு மாலைக்கு இரண்டு தடவை, நடுவில் பத்து நிமிடம் எழுந்து தண்ணீர் குடிக்கலாம், தம்பியைப் பார்க்கலாம். எட்டு இலக்கும் நான்கு நாளில் முடியும். ஐந்தாம் நாள் புதிதாக எதுவும் இல்லை. எட்டுக் கேள்வித் தாளையும் கலைத்துப்போட்டுச் செய்ய வேண்டும். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்யும்போது எந்த முறை என்று பிள்ளை யோசிப்பதே இல்லை. கலைத்தால்தான் அந்த யோசனை வரும்.

ஏழாவது இலக்கு எப்படிப் போனது என்று சொல்கிறேன். 6 ஓம், 3 ஓம் தடைகள் சமாந்தரமாக உள்ளன. 1/R = 1/6 + 1/3 = 1/2. எனவே R = 2 ஓம். இதைப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தாள். பிறகு மூடிவிட்டு மூன்று கேள்வி. ஒன்று, சூத்திரத்தை எழுது. இரண்டு, விடை ஏன் சிறிய தடையைவிடவும் குறைவாக வருகிறது? மூன்று, 4 ஓம், 12 ஓம் என்றால் எவ்வளவு? சூத்திரம் சரி. காரணமும் சரி, மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை திறக்கிறது என்று எழுதினாள். கணக்கில் மட்டும் 1/3 ஓம் என்று நின்றுவிட்டாள். அது 1/R இன் பெறுமானம். திருப்பிப் போட்டால் 3 ஓம். அந்தப் பிழை மூன்று மணித்தியால வாசிப்பில் ஒருநாளும் வெளியே வந்திருக்காது. மறுநாள் முதல் மூன்று நிமிடத்தில் அதே வகைக் கணக்கு, வேறு எண்கள். சரியாகச் செய்தாள்.

புள்ளிக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்று என்றால் அடுத்த இலக்கு. இரண்டு என்றால் அடுத்த இலக்குக்குப் போகலாம், ஆனால் தவறிய கேள்வி நாளைக் காலைக்கு வர வேண்டும். ஒன்று அல்லது பூச்சியம் என்றால் நாளைக்கு அதே இலக்கு. இரண்டாம் தடவையும் அப்படியே என்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தப் பாடம் முதலில் விளங்கவே இல்லை என்று அர்த்தம். தாளில் வட்டம் போட்டு எங்களிடம் அனுப்புங்கள். விளங்காததை மீட்ட முடியாது, அதைக் கற்பிப்பது எங்கள் வேலை. மணி அடித்தும் இலக்கு முடியவில்லை என்றால் நேரத்தை நீட்ட வேண்டாம். இலக்கு பெரிது, அதை இரண்டாக வெட்டுங்கள்.

"எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று சில அம்மாமார் கேட்டீர்கள். விஞ்ஞானம் தெரிய வேண்டியதில்லை. அந்த ஐந்து நிமிடமும் கையேடு உங்கள் மடியில் இருக்கட்டும். பிள்ளை எழுதி முடித்த பிறகு கொடுங்கள், வேறு நிறப் பேனையால் அவளே திருத்தட்டும். பிறகு, "மூணுக்கு எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். அந்த நேரம் போனையும் நீங்களே வைத்திருங்கள். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. கணித பாடத்தின் இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மட்டும் பழகிய பிள்ளை அங்கே களைத்துவிடும். ஆகவே பரீட்சைக்கு முந்திய வாரங்களில் பழைய வினாத்தாளை முழுதாக, ஒரே இருப்பில், நேரம் வைத்துச் செய்ய வேண்டும். அதற்குப் பாடசாலை மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் திறந்து வைக்கிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் ஒரு கையேட்டை எடுத்து, அதன் முன்பக்கத்தில் இலக்குகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நாளை முதல் இருபத்தைந்து நிமிடத்தை ஆரம்பிக்கலாம்.