சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பது

ஏப்ரல் 1-ல் ராஜினாமா கொடுத்த ஐ.டி. ஊழியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் காலம் 90 நாள். 'மேனேஜர் 60 நாளில் விட்டுவிடுவார்' என்று நம்பி, ஜூன் 1-ல் சேருவதாகப் புது கம்பெனிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது மேனேஜர் முடியாது என்கிறார்.

ஓடிவிடலாமா? வேண்டாம். பணி விடுவிப்புக் கடிதம் இல்லாவிட்டால், புது கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வரும்.

தெரிந்த அன்றே புது மேனேஜருக்குப் போன் செய்து சொல்லிவிடுவதுதான் நல்லது. மே கடைசியில் சொன்னால், அவர் போட்டுவைத்த வேலைத் திட்டமே கலைந்துபோகும். பிறகு மெயில், எச்.ஆருக்கும் நகல். 'கொஞ்சம் அவகாசம் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், கடைசி வேலைநாள் ஜூன் 29, ஜூலை 3-ல் சேருகிறேன் என்று தேதியோடு எழுதுங்கள். பழைய கம்பெனி அந்தக் கடைசி நாளை உறுதிசெய்து அனுப்பிய மெயிலையும் இணையுங்கள். இரண்டாவது தடவை கேட்டால் நம்பிக்கை போய்விடும். அதனால்தான் அந்த மூன்று நாள் இடைவெளி.

அவசரமென்றால், மீதி நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தைப் புது கம்பெனியே ஏற்குமா என்றும் கேட்கலாம். பழைய கம்பெனி அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

விசா தாமதம் வேறு கதை. தேதி நம் கையில் இல்லை. 'விசா கிடைத்த இரண்டு வாரத்தில் வருகிறேன்' என்பதே நேர்மையான பதில்.

குறித்த நாளில் சேராவிட்டால் வேலை ரத்து என்று பல ஆபர் லெட்டர்களில் ஒரு வரி இருக்கும். எனவே போனில் 'சரி' என்றதோடு விடாமல், புதுத் தேதி போட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.