ஒரே ஆள், ஒரே குறிப்பு



இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, உங்களில் சிலர் மருத்துவத்தோடு ஆராய்ச்சியும் செய்யப்போகிறவர்கள். அவர்களிடம் ஒரு சிறிய எழுத்து வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இனி உங்களிடம் அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: “உங்களைப் பற்றி நூறு சொல்லில் ஒரு குறிப்பு அனுப்புங்கள்.” மாநாட்டு மலர், ஆய்வு நிதி விண்ணப்பம், மருத்துவமனையின் அறிமுக அட்டை, நாளிதழ்க் கட்டுரையின் அடிக்குறிப்பு என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மருத்துவராக மட்டும் இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. இரண்டையும் செய்கிறவர்தான் தடுமாறுகிறார். அவர் எழுதும் நூறு சொல்லில் பெரும்பாலும் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை நானே கட்டிச் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை செய்யும் சிறுநீரக மருத்துவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குறிப்பு இப்படி இருக்கிறது:

“மருத்துவர் முனைவர் இன்னார், எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம்., பி.எச்டி., சிறுநீரகவியல் துறையின் இணைப் பேராசிரியர். டயாலிசிஸ், சிறுநீரக மாற்று சிகிச்சை ஆகியவற்றில் நீண்ட அனுபவம் உள்ளவர். மேலும் இவர் சிறந்த ஆராய்ச்சியாளரும் ஆவார். தேசிய, பன்னாட்டு இதழ்களில் பல கட்டுரைகளை வெளியிட்டுள்ளார். பல மாநாடுகளில் உரையாற்றியுள்ளார்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் படிக்கிறவரின் கவனம் “மேலும்” என்ற இடத்தில் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அதுவரை வார்டில் ஒரு மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று இன்னோர் ஆளை அறிமுகம் செய்துவைத்ததுபோல உணர்கிறார். பிறகு அவருக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: இவர் ஓய்வு நேரத்தில் கட்டுரை எழுதும் மருத்துவரா, நோயாளியைத் தொடுவதை நிறுத்திவிட்ட ஆராய்ச்சியாளரா? குறிப்பு அதற்குப் பதில் சொல்லாததால், வாசகர் தாமாக ஒரு முடிவுக்கு வருகிறார். பெரும்பாலும் முதலில் வந்த பெயரை வைத்துக்கொண்டு மற்றதை அலங்காரம் என்று தள்ளிவிடுகிறார்.

பெயருக்கு முன்னாலேயே இந்தப் பிளவு தொடங்கிவிடுகிறது. “மருத்துவர் முனைவர்” என்று இரண்டு பட்டங்களை அடுக்கும்போது, முதல் வரியின் முதல் இரண்டு சொல்லே இரண்டு திசைகளில் இழுக்கின்றன. ஒன்றை முன்னால் வையுங்கள். மற்றது வாக்கியத்துக்குள், அதற்குரிய வேலையோடு சேர்ந்து வரட்டும்.

இப்போது அதே ஆளைப் பற்றி இப்படி எழுதிப் பார்ப்போம்:

“மருத்துவர் இன்னார், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயக் கூலித் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்று ஆராய்கிறார். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் அவருடைய நோயாளிகளிடம்தான் இந்தக் கேள்வி பிறந்தது. கோடைக்காலத்தில் வயல்களுக்கே போய், வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தொழிலாளர்களின் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறார். அரசு மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகவியல் இணைப் பேராசிரியர்.”

நான் கட்டிய ஆள்தான் என்றாலும் கேள்வி உண்மையானது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் வழக்கமான காரணம் எதுவும் இல்லாமல் சிறுநீரகம் கெடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். வெயிலும் நீர் வற்றுதலும், பூச்சிமருந்தும், குடிநீரும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது குறிப்பில் என்ன மாறியது? மருத்துவர், ஆராய்ச்சியாளர் என்ற இரண்டு பதவிகளும் பின்னுக்குப் போய், கூலித் தொழிலாளியின் சிறுநீரகம் முன்னால் வந்துவிட்டது. வாசகர் பார்ப்பது ஒரே நோயை. அந்த நோயோடு மருத்துவர் வார்டிலும் இருக்கிறார், வயலிலும் இருக்கிறார். “மேலும்” தேவைப்படவில்லை. “மேலும்”, “அதோடு”, “மறுபுறம்” என்ற சொற்கள் குறிப்பில் தலைகாட்டினால், பொதுவான நோயையோ கேள்வியையோ நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

“பல கட்டுரைகள்” என்பது காணாமல்போனதையும் கவனித்திருப்பீர்கள். கட்டுரை எண்ணிக்கை நோயாளிக்கு ஒன்றும் சொல்வதில்லை. துறை அறிந்தவருக்கோ அந்தப் பட்டியல் விண்ணப்பத்தின் வேறு பக்கத்திலேயே கிடைக்கும். கிரியாட்டினின் என்ற ஒற்றை அளவீடு, இவர் உட்கார்ந்த இடத்தில் ஆய்வு செய்கிறவர் அல்ல என்பதை அந்த எண்ணிக்கையைவிடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

தமிழில் எழுதும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். கனம் அங்கேதான் இறங்கும். எச்சமாக வருவது அதைத் தாங்கி நிற்கும். “கூலித் தொழிலாளர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் இவர், அவர்களுடைய சிறுநீரகம் பழுதாவதன் காரணத்தை ஆராய்கிறார்” என்றால் ஆராய்ச்சியில் முடிகிறது. நிதி கொடுக்கும் குழுவுக்கு இது பொருந்தும். “சிறுநீரகம் பழுதாவதன் காரணத்தை ஆராய்ந்துவரும் இவர், தொழிலாளர்களுக்கு டயாலிசிஸ் சிகிச்சை அளிக்கிறார்” என்றால் சிகிச்சையில் முடிகிறது. மருத்துவமனையின் அறிமுக அட்டைக்கு இதை வைக்கலாம். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே உண்மை. வாசகர் யார் என்று முதலில் கேட்டுக்கொண்டு, எச்சத்தையும் முற்றையும் இடம் மாற்றினால் போதும். தனித்தனியாக இரண்டு குறிப்புகள் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சில ஆண்டுகளில் அவை ஒன்றையொன்று அறியாத இரண்டு மனிதர்களின் கதையாகிவிடுகின்றன.

வரலாற்றிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவின் திலீப் மஹலனாபிஸ் குழந்தை மருத்துவர். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை ஊரான போன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நோயாளிகள் தரையெல்லாம் படுத்திருந்தார்கள். ரத்தநாளத்தில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுத்தால் பலன் உண்டு என்பது அதற்கு முன்பே டாக்காவில் கவனமான மேற்பார்வையில் தெரிந்திருந்தது. மஹலனாபிஸ் அந்தக் கரைசலை உறவினர்களின் கையிலேயே கொடுத்து, நோயாளிக்கு ஊட்டச் சொன்னார். முகாமில் சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அவருடைய குழுவின் பராமரிப்பில் இருந்தவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்தக் கணக்கை அவர் 1973-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

இவருக்கு வழக்கமான குறிப்பு எழுதினால் “குழந்தை மருத்துவர், காலரா சிகிச்சையில் அனுபவமுள்ளவர், மேலும் வாய்வழி நீரேற்றம் குறித்து ஆய்வு செய்தவர்” என்று போகும். அப்படி எழுதினால் போன்காவில் நடந்தது மறைந்துவிடும். அங்கே நோயாளியைக் காப்பாற்றியதும் ஆய்வு செய்ததும் ஒரே செயல். ஆகவே ஒரே வாக்கியம் போதும்: “1971-இல் போன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது, காலரா நோயாளிகளுக்கு உறவினர்களே வாய்வழிக் கரைசலை ஊட்டச் செய்து, அது உயிரைக் காக்கும் என்பதைக் கணக்கோடு காட்டிய குழந்தை மருத்துவர்.” கடைசியில் உள்ள “குழந்தை மருத்துவர்” என்பதை எடுத்துவிட்டு “ஆய்வாளர்” என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் குலையவில்லை. உங்கள் குறிப்பையும் இப்படிச் சோதிக்கலாம். கடைசிப் பெயரை மாற்றியதும் முன்னால் உள்ள செய்தி பொருந்தாமல் போனால், இரண்டு வேலைகளும் இன்னும் ஒட்டவில்லை.

ஒட்டாமலே இருக்கக்கூடிய வேலைகளும் உண்டு. காலையில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பவர் மாலையில் ஆய்வகத்தில் மீன் கருவின் மரபணுவை ஆராயலாம். அங்கே பாலம் கட்ட முயலாதீர்கள். “குழந்தைகளின் நலனுக்காக மரபணுவை ஆராய்கிறார்” என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், துறை அறிந்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். எதைப் படிக்க அந்த வாசகர் வந்திருக்கிறாரோ அதை முழுவாக்கியமாக எழுதி, மற்றதை ஒரு சிறு தொடரில் நேர்மையாகச் சொல்லி நிறுத்துங்கள்.

நோயாளி படிக்கும் குறிப்பில் மட்டும் ஓர் எச்சரிக்கை அவசியம். தன் மருத்துவரே ஆராய்ச்சியாளரும் என்று அறிந்த நோயாளி, ஆய்வில் சேர்வதையே தனக்கான சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மருத்துவ அறவியலில் இதைப் பற்றி 1982-இலிருந்தே எழுதிவருகிறார்கள். இன்னொரு நோயாளி நேரெதிராக, தன்மேல் பரிசோதனை நடக்கும் என்று பயந்து வராமலே இருந்துவிடுவார். குறிப்பை அழகாகப் பின்ன வேண்டும் என்ற ஆசையில் இந்த இரண்டு தவறான எண்ணங்களையும் நாம் வளர்த்துவிடக் கூடாது. வேலைகள் இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேரலாம். நோயாளியின் சம்மதம் சேரக் கூடாது. எனவே அறிமுக அட்டையில் ஒரு வரி கூடுதலாக வையுங்கள்: “இவருடைய ஆய்வுகளில் சேர்வது உங்கள் விருப்பம், அதற்குத் தனியாக எழுத்துமூலம் ஒப்புதல் பெறப்படும், சேராவிட்டாலும் சிகிச்சையில் மாற்றம் இருக்காது.” இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களும் ஒப்புதல் தன்விருப்பத்தோடு இருக்க வேண்டும் என்கின்றன. நோயாளி அந்த ஆவணத்தைப் படிக்கப்போவதில்லை. உங்கள் அட்டையைப் படிப்பார்.

குறிப்பை எழுதி முடித்ததும், உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். படித்த பிறகு தாளை வாங்கிக்கொண்டு, “இவர் என்ன செய்கிறார்?” என்று கேளுங்கள். “டாக்டர், ஆராய்ச்சியும் பண்றாங்களாம்” என்று பதில் வந்தால் திரும்பவும் எழுத உட்காருங்கள். “வயல்ல வேலை செய்றவங்களுக்குக் கிட்னி ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்கிறவங்க, அவங்களுக்கு வைத்தியமும் பார்க்கிறாங்க” என்றால் அனுப்பிவிடலாம்.

அனுப்பும்போது அடியில் தேதி போடுங்கள். வேலை மாறும். ஒருவர் துறைத் தலைவராகி வார்டுக்குப் போவதை நிறுத்துகிறார்; இன்னொருவரின் ஆய்வு நிதி முடிகிறது. “சிகிச்சை அளிக்கிறார்” என்ற நிகழ்கால வினை அன்றே “அளித்தவர்” என்று மாற வேண்டும், ஏனென்றால் அந்த வரியை நம்பி ஒருவர் வெளியூரிலிருந்து பேருந்து ஏறி உங்கள் புறநோயாளர் பிரிவில் வந்து நிற்கக்கூடும்.