பென்னலூர் ஏரித் தட்டானும் ஒரு தாள் படமும்



சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் பென்னலூர் வரும். இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, அந்தப் பக்கம் ஒரகடம். நடுவில் இருக்கிற ஊர்களில் பாதி வீடுகள் இப்போது வாடகை அறைகள்தான். அப்படி ஓர் அறையில் தங்கி, வாகன உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், போன மாதம் ஒரு ஏ4 தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், ஏரியிலிருந்து வருகிற கால்வாய் ஓரமாக நின்று போனில் எடுத்த தட்டான் படங்களை வைத்து அவரே வரைந்தது. பறவைக் கையேடுகளிலும் பூச்சிக் கையேடுகளிலும் வருமே, உடம்பின் பாகங்களுக்குக் கோடு இழுத்துப் பெயர் எழுதிய படம், அதைப் போல.

"சார், இது சரியா இருக்கா பாருங்க" என்றார். ஓவியம் சொல்லிக்கொடுத்தே என் காலம் போயிருக்கிறது. அந்தத் தாளை எப்படிப் பார்த்தேன், எது நன்றாக வந்திருந்தது, எது தவறியிருந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அவர் வரைந்தது சாக்கடை, குட்டை, ஏரி மதகு என்று எங்கும் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆரஞ்சு நிறத் தட்டான். ஆங்கிலத்தில் டிச் ஜுவல் என்பார்கள், சாக்கடையின் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசுபட்ட தண்ணீரையும் தாங்கிக்கொண்டு பெருகும் தட்டான் இது. அறிவியல் பெயர் பிராக்கிதெமிஸ் கண்டாமினாட்டா. கண்டாமினாட்டா என்றால் கறை படிந்தது. 1793-இல் ஃபேப்ரீசியஸ் வைத்த பெயர். ஆண் தட்டானின் நான்கு இறக்கைகளிலும் அடியிலிருந்து நுனிப்பக்கம் வரை ஆரஞ்சுக் கறை பரவியிருக்கும். பெயரைக் கேட்டாலே படத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

புகைப்படம் இருக்கும்போது எதற்கு வரைய வேண்டும் என்று கேட்கலாம். தம்பி எடுத்த நாற்பது படங்களையும் பார்த்தேன். ஒன்றில் தலை தெளிவு, இறக்கை மங்கல். ஒன்றில் வெயில் பட்டு வயிறே தெரியவில்லை. உட்காரும்போது இந்தத் தட்டான் இறக்கைகளை முன்னால் தள்ளிச் சாய்த்துக்கொள்ளும், அதனால் கறை எங்கே முடிகிறது என்பது பாதிப் படங்களில் மறைந்துபோகிறது. புகைப்படம் அந்த ஒரு பூச்சியை, அந்த ஒரு நொடியில் காட்டுகிறது. கையேட்டுப் படமோ, நாளைக்கு வேறு ஏரியில் வேறொருவர் பார்க்கப்போகும் பூச்சிக்கும் பொருந்த வேண்டும். அதற்காக இறக்கைகளைத் தட்டையாக விரித்து, நிழலை நீக்கி, நேர் மேலிருந்து பார்த்ததாக வரைகிறோம். உயிரோடு இருக்கும் இந்தத் தட்டான் பெரும்பாலும் அப்படி உட்காராது. ஆனால் இறக்கையில் உள்ளதெல்லாம் ஒன்றையொன்று மறைக்காமல் தெரிவது அந்த நிலையில்தான்.

தம்பி முதலில் செய்த சரியான காரியம் அளவு. தட்டான் பறந்துபோன பிறகு, அது உட்கார்ந்திருந்த கோரைத்தண்டின் தடிமனை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டார். புகைப்படத்தில் அந்தத் தண்டும் இருக்கிறதல்லவா, அதை வைத்துப் பூச்சியின் நீளத்தைக் கணக்குப் போட்டார். சுமார் 3 செ.மீ. உடல், இறக்கை விரித்தால் 5 செ.மீ. அதை இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் இறக்கை அகலம் பன்னிரண்டரை செ.மீ. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ 30 செ.மீ. அகலம், ஆக ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். இரண்டையும் ஒரே மடங்கில் வரைந்திருந்தார், அதுதான் முக்கியம். ஆணைப் பெரிதாகவும் பெண்ணை இடம் போதவில்லை என்று சிறிதாகவும் வரைந்துவிட்டால், பார்க்கிறவர் பெண் சின்னது என்றே நம்பிவிடுவார். கீழே இரண்டரை செ.மீ. கோடு ஒன்று போட்டு, '1 செ.மீ.' என்று எழுதிவிட்டால் அளவுச் சந்தேகம் தீர்ந்தது.

வயிற்றில்தான் முதல் தவறு. அவர் வரைந்த ஆண் தட்டானின் வயிறு குட்டையாக, குண்டாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இனத்தில் வயிறு 18 முதல் 21 மி.மீ., பின்னிறக்கை 20 முதல் 23 மி.மீ. அதாவது வயிறு பின்னிறக்கையைவிடக் கொஞ்சமே குறைவு. அவர் படத்தில் வயிறு இறக்கையின் முக்கால் பாகம்கூட வரவில்லை. என்ன நடந்தது என்றால், தட்டான் வயிற்றை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அது சுருங்கித் தெரிந்தது, அதை அப்படியே ஜன்னல் கண்ணாடியில் வைத்து டிரேசிங் தாளில் எடுத்துவிட்டார். புகைப்படத்தைப் பிரதி எடுக்கிற எவருக்கும் நேருவது இது. ஓர் உறுப்பின் நீளத்தை இன்னோர் உறுப்பின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும். இடது இறக்கையும் வலது இறக்கையும் புகைப்படத்தில் ஒரே நீளமா என்று அளப்பதும் அப்படித்தான். நீளம் வேறுபட்டால் உடல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். போனைப் பூச்சிக்கு மிக அருகில் கொண்டுபோனால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தலை பெரிதாகிவிடும். ஓரடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுப்பதே நல்லது. பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் வேண்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இறக்கையை வரையும்போது, தெளிவாக விழுந்த பாதியை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து, தாளை மடித்து மறுபாதியை உண்டாக்கியிருந்தார். இது பழைய முறை, நல்ல முறை. ஆனால் நரம்புகளைச் சின்னக் கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டார். புகைப்படத்தில் அவ்வளவு தெரியவில்லை, மனத்திலிருந்து போட்டது. தட்டான் இறக்கையில் ஒவ்வொரு நரம்புக்கும் இடம் உண்டு, அதை வைத்தே இனத்தைப் பிரிக்கிறார்கள். 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வந்த இந்தியத் தும்பிகள் பற்றிய ஃப்ரேசரின் நூலைப் பார்த்தால், நரம்புகளுக்கு எவ்வளவு கவனம் கொடுத்திருக்கிறார் என்பது புரியும். தெரியாத நரம்பைப் போடுவது, தெரியாத ஊரை வரைபடத்தில் குறிப்பது மாதிரி. முன்விளிம்பின் தடித்த நரம்புகளையும், விளிம்பின் நடுவில் இருக்கும் கணுவையும், நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் நீள்சதுரப் பொட்டையும் சரியான இடத்தில் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்றேன். அன்றிரவே அழித்துவிட்டார்.

நிறம் அடுத்த சிக்கல். போன் கேமரா சிவப்பையும் ஆரஞ்சையும் கொஞ்சம் தூக்கியே காட்டும். காலை வெயில் வேறு சேர்ந்தால் ஆரஞ்சு ரத்தச் சிவப்பாகிவிடும். இறக்கைக் கறையோ ஒளி ஊடுருவுவது. பின்னால் பச்சை இலை இருந்தால் அழுக்குப் பழுப்பாகத் தெரியும், வானம் இருந்தால் தேன் நிறம். ஆகவே மேகம் மூடிய நேரத்தில் எடுத்த படத்தை நம்புவதும், அங்கேயே நின்று நிறத்தைப் பெயர் சொல்லி எழுதிக்கொள்வதும்தான் வழி. தம்பியின் குறிப்பில் 'கறை: பழுத்த பப்பாளித் தோல்' என்று இருந்தது. வெள்ளைத் தாளில் அந்த நிறத்தை நீர்வண்ணத்தில் இரண்டு தடவை மெல்லிதாகப் பூசியிருந்தார். தாளிலேயே மிகச் சிறந்த இடம் அது.

பெயர்க் கோடுகளுக்கு வருவோம். 1934-இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் கொண்டுவந்த பறவைக் கையேட்டில், ஒரு பறவையை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளத்துக்கு மட்டும் சின்னக் கோடு காட்டியிருப்பார். பார்க்கிறவர் கண் நேராக அங்கே போகும். தம்பியின் தாளில் பதினாறு பெயர்கள் இருந்தன: கண், கால், மார்பு, முதல் கண்டம், இரண்டாம் கண்டம் என்று. பள்ளிப் பாடத்துக்கு அது பொருந்தும். அடையாளத்துக்கு நான்கு போதும் என்றேன். ஏரியில் இதோடு குழம்பக்கூடியது முழுக்கச் சிவப்பான, சற்றுப் பெரிய இன்னொரு தட்டான். அதன் இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் மட்டும் சின்ன மஞ்சள் படிவு. வயிற்றின் மேலே நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். ஆகவே நம் தாளில் கறை எதுவரை பரவுகிறது என்பதற்கு ஒரு கோடு, இறக்கைப் பொட்டுக்கு ஒன்று, வயிற்றின் நிறத்துக்கு ஒன்று, பெண்ணின் கறையற்ற இறக்கைக்கு ஒன்று. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. எழுத்து இறக்கைமேல் ஏறக்கூடாது. கோட்டின் முனை உறுப்பைத் தொட்டு நிற்க வேண்டும், பக்கத்தில் காற்றில் நின்றால் வாசகர் எதைக் காட்டுகிறது என்று ஊகிக்க வேண்டிவரும்.

கடைசியாக ஒரு பெரிய தவறு. 'பெண்' என்று எழுதியிருந்த உருவத்தின் இறக்கையில் லேசான ஆரஞ்சுச் சாயல் இருந்தது. பெண்ணுக்கு உடல் மஞ்சள் கலந்த பழுப்பு, இறக்கை தெளிவு, அடியில் மட்டும் ஒரு மங்கிய மஞ்சள். "இந்தச் சாயல் புகைப்படத்திலேயே இருந்ததா தம்பி?" என்று கேட்டேன். "ஆமா சார், நான் போட்டது இல்ல" என்றார். அப்படியானால் அது பெண்ணே இல்லாமல் இருக்கலாம். இளம் ஆண் தட்டானும் முதலில் பெண்ணைப் போலவே மஞ்சளாக இருக்கும், பிறகுதான் கறை ஏறும். இங்கேதான் பக்கவாட்டுப் படம் உதவியது. வயிற்றின் அடிப்பக்கம், மார்பை ஒட்டி இரண்டாம் கண்டத்தின் கீழே ஆணுக்கு ஒரு புடைப்பு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினோம். புடைப்பு தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து எடுத்த படம் மட்டும் இருந்திருந்தால், பொய்யான ஒரு பெண் தட்டான் அந்தத் தாளில் என்றைக்கும் நின்றிருக்கும்.

தம்பி அந்த உருவத்தை அழிக்கவில்லை. பெயரை மட்டும் 'இளம் ஆண்' என்று மாற்றி, அடுத்த வாரம் கால்வாயோரம் மறுபடி நின்று உண்மையான பெண்ணைப் படமெடுத்தார். இப்போது அதே இரண்டரை மடங்கில் மூன்று உருவங்கள். ஒரே தாளில் இடம் போதாமல் இரண்டு தாளை ஒட்டியிருக்கிறார். இந்த இனத்துக்கு நான் பார்த்த அளவில் நம்பிப் பயன்படுத்தக்கூடிய படத்தாள் அது.

நேயர்களில் யாராவது இப்படி வரைந்தால், தாளின் பின்பக்கம் ஊர், இடம், தேதி, எந்தெந்தப் புகைப்படத்திலிருந்து எடுத்தது என்ற எண், எத்தனை மடங்கு என்ற ஐந்தையும் எழுதிவையுங்கள். அந்தப் புகைப்படங்களையும் அழித்துவிடாதீர்கள்.