பழைய ஆணையை நீக்காமல் புதிய ஆணையைச் சேர்த்தால்…

(பண்ணைப்புரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசாணைகளையும் சுற்றறிக்கைகளையும் ஏற்றி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை எங்கள் பகுதி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தி வருகிறோம். அதைப் பராமரிப்பதில் நான் பார்க்கும் ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கொள்கை மாறும்போது பழைய ஆவணத்தை எப்படி வெளியே எடுப்பது என்பதே அது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்வோம். 2017-18 கல்வியாண்டில் அது அறிமுகமானது. அப்போது மொத்த மதிப்பெண் 1200 என்பது ஒவ்வோர் ஆண்டுக்கும் 600 என்று ஆனது. உயர்கல்விக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று 2018இல் ஒரு மாற்றம் வந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே இல்லை என்றாகிவிட்டது.

இந்த மூன்று நிலைகளையும் சொல்லும் ஆவணங்கள் சாட்பாட்டுக்குள் இருக்கின்றன. ஒரு மாணவியின் அம்மா, "பிளஸ் ஒன் பொதுத்தேர்வுக்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கிறார். 2025 கொள்கையை ஏற்றிவிட்டோமே, சரியான பதில்தானே வரும் என்று நினைப்போம். பல நேரங்களில் வராது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நாம் ஏற்றும் ஆவணத்தைச் சாட்பாட் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. சில பத்திகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் ஓர் எண்வரிசையாக மாற்றிச் சேமிக்கிறது. இந்தச் சேமிப்பைத்தான் இன்டெக்ஸ் என்கிறோம். கேள்வி வந்ததும் அதையும் எண்வரிசையாக்கி, அதற்கு மிக நெருக்கமான ஐந்தாறு துண்டுகளை எடுத்து, அவற்றைப் படித்துப் பதில் எழுதுகிறது. நெருக்கம் என்பது இங்கே பொருள் ஒற்றுமை மட்டுமே. எது பிந்தைய ஆணை என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

2017 ஆணை முழுக்க முழுக்க பிளஸ் ஒன் தேர்வைப் பற்றியது. மதிப்பெண், தேர்வு நேரம், செய்முறைத் தேர்வு என்று பத்தி பத்தியாகப் பேசுகிறது. 2025 கொள்கையோ மழலைக் கல்வி முதல் எத்தனையோ விஷயங்களைப் பேசும் பெரிய ஆவணம். அதில் தேர்வு ரத்து என்பது சிறு பகுதி. ஆகவே எடுக்கப்படும் ஐந்து துண்டுகளில் நான்கு பழையதாகவும் ஒன்று புதியதாகவும் இருக்கலாம். புதியது ஒன்றுகூட வராமலும் போகலாம். "600 மதிப்பெண்" என்று சாட்பாட் தயங்காமல் சொல்லிவிடும். பழைய மடையை அடைக்காமல் புதிய மடையைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பழைய கோப்பை அழித்துவிடலாமே என்று தோன்றும். இங்கே கவனம் வேண்டும். கோப்புறையிலிருந்து பிடிஎஃப் கோப்பை நீக்கினாலும், அதிலிருந்து ஏற்கெனவே வெட்டிய துண்டுகள் இன்டெக்ஸில் அப்படியே இருக்கக்கூடும். அவற்றைத் தனியே நீக்க வேண்டும். அதற்கு, எந்தத் துண்டு எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்ற அடையாள எண் முதல் நாளிலேயே ஒவ்வொரு துண்டோடும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எண் இல்லையென்றால் மொத்த இன்டெக்ஸையும் புதிதாகக் கட்டுவதே வழி.

நாங்கள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். நம் தபால் பதிவேடு போன்றதுதான். ஆணை எண், நாள், எப்போதிலிருந்து நடைமுறை, எந்த ஆணைக்கு மாற்றாக வந்தது, இப்போதைய நிலை என்று ஐந்து கட்டங்கள். புதிய ஆணை வந்ததும் அதை ஏற்றுவதற்கு முன், அது எந்தெந்தப் பழைய ஆவணங்களைத் தொடுகிறது என்று பதிவேட்டில் தேடுவோம். ஆணையின் நகல் மட்டும் போதாது. அதையொட்டி நாமே தயாரித்த கேள்வி பதில் தாள், வேறு பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேன் பிரதி ஆகியவையும் அதே பழைய செய்தியைத்தான் சொல்லும்.

தேடி எடுத்தவற்றை இரண்டாகப் பிரிப்போம். முழுதும் செல்லாதவை முதல் வகை. அவற்றின் துண்டுகளை நீக்கிவிடலாம். ஒரு பகுதி மட்டும் மாறியவை இரண்டாம் வகை. சிக்கல் இங்கேதான். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் என்று இருந்தது. 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவானது. பழைய ஆவணத்தை முழுதாக எடுத்துவிட்டால் மற்ற விதிகளும் போய்விடும். வைத்திருந்தால், உதவிபெறும் பள்ளி மாணவியிடம் "உனக்குக் கிடையாது" என்று சாட்பாட் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளை விண்ணப்பிக்காமலே விட்டுவிடக்கூடும். இத்தகைய இடங்களில், இன்றைய நிலையை ஒரே பக்கத்தில் தொகுத்து எழுதி, அதை ஏற்றிவிட்டுப் பழையதை எடுத்துவிடுவோம்.

எடுத்த ஆவணங்களை அழிப்பதில்லை. 2019இல் பிளஸ் ஒன் எழுதியவர் தன் மதிப்பெண் சான்றிதழ் பற்றிக் கேட்கலாம். அவருக்கு அன்றைய ஆணைதான் வேண்டும். ஆகவே பழையவை ஆண்டுக் குறிப்போடு தனித் தொகுப்பில் இருக்கும். பொதுவான கேள்விக்கு அந்தப் பக்கம் தேடல் போகாது.

புதிய ஆவணத்தை ஏற்றியதும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது உண்மையிலேயே உள்ளே போயிற்றா? வெறும் ஸ்கேன் படமாக உள்ள பிடிஎஃப்பில் எழுத்தே இருக்காது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததென்றால், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே பொருளற்ற ஆங்கிலக் குறிகளாக இருக்கும். ஏற்றியாயிற்று என்று செய்தி வரும், தேடினால் கிடைக்காது. பதிவான துண்டுகளில் இரண்டைத் திறந்து படித்தாலே தெரிந்துவிடும்.

கடைசியில் சோதனை. விடை தெரிந்த இருபது கேள்விகளை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றைக் கேட்டு, பதிலோடு எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்பதையும் பார்ப்போம். நீக்கிய ஆவணத்தின் பெயர் எங்காவது வந்தால், அதன் துண்டு எங்கோ மிச்சமிருக்கிறது என்று பொருள். ஆவணத்தின் பெயரே இல்லாமல் பழைய பதில் வந்தால் காரணம் வேறு. சாட்பாட்டின் பின்னால் உள்ள மொழி மாதிரி, தான் முன்பு கற்றதிலிருந்து சொல்கிறது. இன்டெக்ஸை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இது போகாது. கொடுத்த ஆவணங்களில் இருப்பதை மட்டும் சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல் என்ற அறிவுறுத்தலை இறுக்கினால் குறையும். முற்றிலும் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் சாட்பாட்டின் ஒவ்வொரு பதிலின் கீழும் ஆணை எண்ணும் நாளும் வரும்படி செய்திருக்கிறோம். பெற்றோருக்குச் சொல்வதற்கு முன் அந்த நாளை ஒருமுறை பாருங்கள். அது பழையதாகத் தோன்றினால் எங்களுக்குத் தெரிவியுங்கள். பதிவேட்டில் அடுத்து எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதை நாங்கள் பெரும்பாலும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறோம்.