பிறந்தநாள் அழைப்பில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பிள்ளையோட பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுறது? இன்னிக்கு எபிசோட் இதைப் பற்றித்தான். கேக், பலூன், அலங்காரம் எதைப் பற்றியும் நான் பேசப் போறதில்லை. அழைப்புச் செய்தியில் என்ன எழுதணும், அதிலும் சாப்பாட்டு அலர்ஜி பற்றி எப்படிக் கேட்கணும் என்பதை மட்டும் பார்க்கலாம்.

சொந்தக்காரங்களைக் கூப்பிடும்போது இந்தக் கவலை நமக்குக் கிடையாது. அக்கா பையனுக்கு எது ஒத்துக்காது என்று வீட்டிலே எல்லாருக்கும் தெரியும். அக்காவும் பக்கத்திலேயே நிற்பாங்க. வகுப்புப் பிள்ளைகள் விஷயம் வேறு. அப்பா அம்மா வாசலில் விட்டுட்டுப் போயிடுவாங்க. ரெண்டரை மணி நேரத்துக்கு அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு நாமதான். ஆனா அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிஞ்சது பேரும், எந்த வரிசையில் உட்காரும் என்பதும்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொண்டு பேசலாம். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீடு. யுகேஜி படிக்கும் பெண்ணுக்கு ஆறாவது பிறந்தநாள். வகுப்பில் 22 பிள்ளைகள். எல்லாரையும் கூப்பிடுவதாக முடிவு. சனிக்கிழமை, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பொது ஹாலில் பார்ட்டி.

முதலில் நேரம். நம்ம ஊர் அழைப்பில் ஆரம்பிக்கும் நேரம் மட்டும்தான் இருக்கும். "மாலை 6 மணி முதல்" என்று போட்டுவிடுவோம். ஏழே முக்காலுக்குக் கேக், எட்டரைக்குச் சாப்பாடு. பெரியவங்களுக்கு அது சரி. ஆறு வயசுப் பிள்ளை அந்த நேரத்துக்குத் தூக்கத்தில் சிணுங்கும். முடியும் நேரம் இல்லைன்னா கூட்டிட்டுப் போக யார் எப்ப வரணும் என்றும் யாருக்கும் தெரியாது. அதனால் ரெண்டு நேரத்தையும் போடுங்க. நாலு மணிக்கு வரவேற்பு, அஞ்சு மணிக்குக் கேக், அஞ்சே காலுக்குச் சாப்பாடு, ஆறரைக்கு முடிவு. கேக் நேரத்தைத் தனியா சொல்வது நல்லது. தாமதமா வர்றவங்க அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புவாங்க.

அடுத்தது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது. "6.30க்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று எழுதினால் பாதி வேலைதான் முடிஞ்சது. யார் வருவாங்க என்றும் கேட்கணும். அப்பா வரலாம், தாத்தா வரலாம், ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன்கூட வரலாம். வரப் போறவங்க பேரையும் போன் நம்பரையும் முன்னாடியே வாங்கி, ஒரு தாளில் எழுதி, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்க. அந்தக் கதவுப் பக்கம் கடைசி அரை மணி நேரம் ஒரு பெரியவர் நிற்கணும். தாளில் பேர் இல்லாத ஆள் வந்தா, பிள்ளை "எங்க மாமாதான்" என்று குதிச்சாலும், அம்மாவுக்கு ஒரு போன் போட்ட பிறகுதான் அனுப்பணும். கேட் செக்யூரிட்டியிடம் "பார்ட்டிக்கு வர்ற பிள்ளைகள் தனியா வெளியே போகக் கூடாது" என்று அன்னிக்கு மதியமே சொல்லி வைங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "யாருக்காவது ஃபுட் அலர்ஜி இருந்தா சொல்லுங்க" என்று போட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் மௌனம். அந்த மௌனத்தை "யாருக்கும் இல்லை" என்று நாம எடுத்துக்குவோம். அது சரியில்லை. இருபது பேர் முன்னாடி தன் பிள்ளைக்குப் பிரச்சினை என்று சொல்ல ஒரு தாய்க்குச் சங்கடமா இருக்கலாம். இன்னொருத்தர் மெசேஜையே பார்க்காமல் இருந்திருக்கலாம். சொன்னா கூப்பிட மாட்டாங்களோ என்று யோசிப்பவரும் இருப்பார்.

பதில் வந்தாலும் இன்னொரு குழப்பம் உண்டு. நம்ம பேச்சில் "ஒத்துக்காது" என்ற ஒரே சொல் மூணு விஷயத்துக்கு வேலை செய்யுது. தயிர் சாப்பிட்டா சளி பிடிக்கும் என்பதும் ஒத்துக்காதுதான். வீட்டில் முட்டை சேர்க்க மாட்டோம் என்பதையும் சிலர் அப்படித்தான் சொல்வாங்க. வேர்க்கடலை ஒன்று வாயில் போனால் உதடு வீங்கி மூச்சு இரைக்கும் என்பதும் அதே ஒத்துக்காது. மூன்றையும் மதிக்கணும். ஆனா கடைசியில் சொன்னதில் மட்டும் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் கேள்வியிலேயே இதைப் பிரிச்சுக் கேட்கணும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா அனுப்புற மாதிரி ஒரு செய்தி சொல்றேன், கேளுங்க.

"வணக்கம். எங்கள் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு உங்கள் பிள்ளையை அன்புடன் அழைக்கிறோம். சனிக்கிழமை மாலை 4 முதல் 6.30 வரை, எங்கள் குடியிருப்பின் பொது ஹாலில். கேக் 5 மணிக்கு. நீங்களும் கூட இருக்கலாம், விட்டுவிட்டும் போகலாம். 6.30க்கு யார் கூட்டிக்கொண்டு போக வருவார் என்று பேரும் நம்பரும் அனுப்புங்கள். சாப்பாடு: முட்டை இல்லாத சாக்லேட் கேக், நெய் சாம்பார் மினி இட்லி, தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு போண்டா, தர்பூசணி. இதில் அல்லது வேறு எதிலாவது உங்கள் பிள்ளைக்கு அலர்ஜி உண்டா? சாப்பிட்டால் என்ன ஆகும், மருந்து ஏதும் உண்டா? அலர்ஜி இல்லை, ஆனால் வீட்டில் சாப்பிடுவதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். புதன்கிழமைக்குள் சொன்னால் சமையலை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்."

இதில் மெனுவைப் போட்டதற்குக் காரணம் இருக்கு. பட்டியலைப் பார்த்தால்தான் "நெய்யும் கூடாது" என்று அம்மாவுக்குச் சொல்லத் தோணும். புதன்கிழமை என்று போட்டதற்கும் காரணம் உண்டு. கேக் ஆர்டரையும் சமையல்காரரிடம் சொன்னதையும் மாற்ற அப்பவும் நேரம் இருக்கும். புதன் ராத்திரி வரைக்கும் பதில் சொல்லாதவங்களுக்குப் போன் பண்ணுங்க. "இல்லை" என்பதையும் வாயால் கேட்டு வாங்கணும்.

சரி, நம்ம உதாரணத்தில் 15 பிள்ளைகள் வர்றாங்க என்று வைப்போம். மூணு வீட்டில் முட்டை சாப்பிடுவதில்லை. ஒரு பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. ஒரு பெண்ணுக்குப் பால் அலர்ஜி. இப்போ மெனுவை ஒவ்வொன்றாகப் பாருங்க.

முட்டை சாப்பிடாதவங்களுக்கு அந்தக் கேக் சரி. ஆனா முட்டை இல்லை என்பதால் பால் இல்லை என்று ஆகிவிடாது. முட்டைக்குப் பதிலாக மில்க்மெய்டும் தயிரும் ஊற்றித்தான் நிறைய பேர் அந்தக் கேக்கைச் செய்றாங்க. பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அப்படித்தான். சைவம் என்று மட்டும்தான் அது சொல்லும். பால் பொருளுக்கும் பச்சைப் புள்ளி உண்டு.

மினி இட்லியில் சிக்கல் நெய்தான். உருக்கி வடிகட்டினாலும் பால் புரதம் நெய்யில் கொஞ்சம் தங்கலாம். அதனால் அந்தப் பெண்ணின் பங்கை நெய் ஊற்றும் முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்கணும். அதைவிட எளிய வழி, எல்லாருக்குமே நெய் ஊற்றாமல் விடுவது.

சட்னியில் வேர்க்கடலை ஒளிஞ்சிருக்கும். கெட்டியா வரணும் என்று தேங்காயோடு ஒரு கைப்பிடி கடலை போட்டு அரைக்கிறவங்க உண்டு. சமையல்காரரிடம் "கடலை போடுவீங்களா" என்று கேட்டால் "பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா" என்று திருப்பிக் கேட்பார். தெளிவாகச் சொல்லுங்க. பொட்டுக்கடலை வேறு, வேர்க்கடலை வேறு. போண்டாவுக்கு எந்த எண்ணெய் என்றும் கேளுங்க. செக்கில் ஆட்டின கடலெண்ணெயில் வேர்க்கடலைப் புரதம் இருக்கும். இந்த ஒரு நாளைக்குச் சூரியகாந்தி எண்ணெய், அதுவும் புதுசா ஊற்றினது. வேறு எதையும் பொரிச்ச எண்ணெய் வேண்டாம்.

கேக் செய்பவரிடமும் இதே கேள்வி. அவர் அன்னிக்கே இன்னொருவருக்கு நட்ஸ் போட்ட கேக் செய்யலாம். அதே கத்தி, அதே பாத்திரம் இதற்கும் வரலாம். "கலக்காமல் செய்ய முடியுமா" என்று கேளுங்க. முடியாது என்றால் அந்த நேர்மையான பதிலுக்கு நன்றி சொல்லிட்டு, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் விஷயத்தைச் சொல்லுங்க. "எங்க வீட்டிலிருந்தே ஒரு கப்கேக் கொடுத்து அனுப்பறோம்" என்று பெரும்பாலும் அவங்களே சொல்வாங்க. அதை ஒரு டப்பாவில் பேர் எழுதித் தனியே வைத்து, கேக் வெட்டும் அதே நேரத்தில் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்க. பிள்ளைக்கு முக்கியம் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுவதுதான்.

ரிட்டர்ன் கிஃப்ட் பையை மறந்துடாதீங்க. கடலை மிட்டாய், சாக்லேட் எல்லாம் அதில்தான் போகும். பாக்கெட் உணவில் வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, சோயா, மீன், பசையம் உள்ள தானியம் போன்றவை இருந்தால் லேபிளில் சொல்லணும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் சொல்கின்றன. அந்த வரியை வாசிச்சுப் பாருங்க. அந்தப் பட்டியலில் எள் தனியாக இல்லை. எள் அலர்ஜி உள்ள பிள்ளை வந்தால், சேர்மானப் பட்டியல் முழுவதையும் வாசிக்கணும். குழப்பமே வேண்டாம் என்றால் பையில் கலர் பென்சில் போடுங்க.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது ஆகலாம். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் கவனிக்கணும். தொடர் இருமல், குரல் மாறுவது, மூச்சு இரைப்பது, துவண்டு விழுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. பெற்றோர் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் அவங்க காட்டிக் கொடுத்தபடி உடனே தொடையில் போடணும். 108க்கு போன் பண்ணணும். பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வைக்கணும். மூச்சு சிரமமா இருந்தால் உட்கார்ந்தபடி இருக்கட்டும். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை மூச்சுத் திணறலை நிறுத்தாது. அதைக் கொடுத்துட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. இதனால்தான் அழைப்பிலேயே "மருந்து ஏதும் உண்டா" என்று கேட்டோம். அப்படி மருந்து உள்ள பிள்ளை என்றால், அப்பா அம்மாவில் ஒருத்தரைக் கூடவே இருக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கடைசியா ஒன்று. அலர்ஜி என்று சொன்ன அம்மாவுக்கு, சனிக்கிழமை காலையில் மாற்றின மெனுவை ஒரு தடவை அனுப்புங்க. சட்னியில் கடலை இல்லை, எண்ணெய் இது, கேக் இப்படி என்று. அதைப் படிச்ச பிறகு பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று அவங்க முடிவு செய்யட்டும்.

உங்க வீட்டு அழைப்பில் வேறு என்ன கேட்பீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.