இரு சுவிசேஷங்களில் இயேசுவின் பிறப்பு

நத்தார் நாடகத்தில் மேய்ப்பரும் சாஸ்திரிகளும் ஒரே தொழுவத்தில் நிற்பர். கல்முனையில் சமயபாடப் பரீட்சை எழுதும் மாணவன் அதனையே விடையாக எழுதினால், இரு சுவிசேஷங்களையும் கலந்தவனாவான்.

லூக்காவில் நாசரேத்தே தொடக்கம். குடிமதிப்பின் பொருட்டு யோசேப்பும் மரியாளும் பெத்லெகேமுக்கு வருகின்றனர். குழந்தை முன்னணையில் கிடத்தப்படுகின்றது; மேய்ப்பர் வந்து காண்கின்றனர்; பின்னர் குடும்பம் ஊர் திரும்புகின்றது.

மத்தேயுவிலோ நாசரேத்து முடிவு. சாஸ்திரிகள் குழந்தையைக் காண்பது ஒரு வீட்டில். ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய குடும்பம், அவன் இறந்தபின் திரும்பியபோது யூதேயாவை அவன் மகன் ஆள்வதறிந்து, நாசரேத்திற் குடியேறுகின்றது.

அயல்வீட்டு முஸ்லிம் நண்பன், மர்யம் பேரீச்சமரத்தடியிற் பிள்ளை பெற்றதாகக் குர்ஆன் கூறுவதைச் சொல்லக்கூடும். அது மூன்றாவது வரலாறு. மூன்றும் கன்னிப் பிறப்பில் ஒன்றுபடுகின்றன. விடைத்தாளில் ஒன்றையொன்று கலக்கலாகாது.